முழுசாக வைப்பதா, பொடித்து வைப்பதா? மசாலா சாமான்களுக்கு மூன்று வழிகள், ஒரு ஒப்பீடு

மல்லி, சீரகம், மிளகு, மிளகாய், மஞ்சள் இவற்றை வைத்துப் புழங்க மூன்று வழிகள்தான் இருக்கின்றன. பொடியாகவே வாங்கி வைக்கலாம். முழுசாக வாங்கி, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிக்கலாம். அல்லது முழுசாக வாங்கி, ஒரே தடவையில் மொத்தமாகப் பொடித்து, குளிரில் வைத்து எடுத்துக்கொள்ளலாம். இதில் எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் "முழுசாக வாங்கு, அப்போதைக்கப்போது பொடி" என்று சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. மல்லிக்கும் சீரகத்துக்கும் அது சரி. மிளகாய்ப்பொடிக்கும் மஞ்சள்பொடிக்கும் அவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. ஒவ்வொரு சாமானையும் எதற்காகப் போடுகிறோம் என்று பார்த்தால்தான் முடிவு எளிதாகும்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். அந்தச் சாமானின் சாரம் மணத்தில் இருக்கிறதா, காரத்தில் இருக்கிறதா, நிறத்தில் இருக்கிறதா என்பது முதலாவது. எத்தனை நாளில் தீரும் என்பது இரண்டாவது. ஈரமும் வண்டும் சேர எவ்வளவு வாய்ப்பு என்பது மூன்றாவது. நமக்கு ஆகும் வேலையும் வெளியே தெரியாத செலவும் நான்காவது. இதில் முதலாவதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற மூன்றையும் அந்தந்த வழியைப் பற்றிப் பேசும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மணம் என்பது ஆவியாகிப் போகும் எண்ணெய். மல்லி விதையில் அந்த எண்ணெய் மெல்லிய குழாய்களுக்குள் அடைபட்டிருக்கிறது. சீரகம், சோம்பு ஆகியவற்றிலும் அப்படித்தான். ஏலக்காயில் கருப்பு விதைக்குள் எண்ணெய், அதற்கு மேல் காயின் தோல் என்று இரட்டைக் காவல். விதை முழுசாக இருக்கும்வரை எண்ணெய் வெளியேற வழி குறைவு, காற்று உள்ளே போகவும் வழி குறைவு. பொடித்ததும் அந்தக் குழாய்கள் உடைகின்றன. காற்று படும் பரப்பும் பல மடங்கு கூடிவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து மணம் கிளம்பிக்கொண்டே இருக்கும். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் நமக்கு வரும் வாசனை அந்தப் பொடி இழந்துகொண்டிருக்கும் வாசனைதான்.

காரம் அப்படியில்லை. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் மிளகின் காரத்துக்குக் காரணமான பிப்பரினும் எளிதில் ஆவியாகாதவை. அதனால்தான் ஒரு வருடம் கிடந்த மிளகுப்பொடி நாக்கில் சுள்ளென்று உறைக்கும், ஆனால் மூக்குக்கு ஒன்றும் கிடைக்காது. மிளகுக்கு இரண்டு குணம் உண்டு: மணம் முதலில் போகும், காரம் பின்னால் தங்கும். "உறைக்கிறதே, நன்றாகத்தானே இருக்கிறது" என்று பலர் மணம் போன மிளகைப் பல மாதம் ஓட்டுவது இதனால்தான்.

நிறத்துக்கு எதிரி வெளிச்சமும் காற்றும். மஞ்சளின் நிறமான குர்குமின் ஆவியாகாது, ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும். துணியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காயப்போட்டால் மங்குவதும் இதே காரணத்தால்தான். மிளகாயின் சிவப்பும் வெளிச்சத்திலும் காற்றிலும் மெல்ல மங்கிப் பழுப்பாகும்.

ஆக, மல்லி, சீரகம், ஏலம், கிராம்பு, பட்டை, சாதிக்காய் இவையெல்லாம் மணத்தை நம்பியவை. மிளகாய் காரத்தையும் நிறத்தையும் நம்பியது. மஞ்சள் பெரும்பாலும் நிறத்தை நம்பியது. மிளகு இரண்டுக்கும் நடுவில். இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் மேலே போகலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழசாவது வேறு, கெட்டுப்போவது வேறு. நன்றாகக் காய்ந்த மசாலா பழசானால் மணமும் நிறமும் போகும், அவ்வளவுதான். சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதல் என்று சொல்ல முடியாது. ஈரம் சேர்ந்து பூஞ்சணம் பிடித்தால் மட்டும் அது கெட்டுப்போனது. இரண்டுக்கும் அடையாளங்கள் வேறு வேறு, அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

## வழி ஒன்று: பொடியாகவே வாங்குவது

வேலை மிச்சம் என்பது பெரிய லாபம், அதைக் குறைத்துப் பேசக் கூடாது. பெரிய இயந்திரத்தில் அரைத்த பொடி வீட்டு மிக்ஸியில் வராத நைசாக இருக்கும். காய்ந்த மஞ்சள் கிழங்கு கல் மாதிரி கெட்டி. அதை மிக்ஸியில் போட்டால் பிளேடுதான் தேயும். சுக்கு நார் நாராக வரும், சலித்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்த இரண்டையும் வீட்டில் பொடிக்கச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்த மாட்டேன்.

வெளியே தெரியாத செலவு என்ன? பொடியான தேதி நமக்குத் தெரியாது. பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் பேக் செய்த தேதி. அரைத்து எத்தனை நாள் கழித்துப் பேக் செய்தார்கள் என்பதற்கு அதில் விடை இருக்காது. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான் பொருந்தும். பிரித்த நாளிலிருந்து புதுக் கணக்கு ஓடத் தொடங்குகிறது. அப்புறம், முழுச் சாமானில் வண்டுத் துளை, காம்பு, சொத்தை, சுருங்கிய விதை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பொடியான பிறகு எல்லாம் ஒன்றுதான்.

இந்த வழியில் போனால் பாக்கெட்டின் அளவில்தான் கவனம் வேண்டும். பெரிய பாக்கெட் மலிவாகத் தெரியும். ஆனால் கடைசிக் கால் பங்கு மணமில்லாமல் போய்ச் சேர்கிறது என்றால் அந்த மலிவு மலிவே இல்லை. மல்லிப்பொடி, சீரகப்பொடி என்றால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் தீரும் அளவு வாங்கினால் போதும். மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி ஆறு மாதம் வரை கூடத் தாங்கும், இருட்டிலும் காய்ந்த இடத்திலும் இருந்தால்.

எப்போது இது சரியான வழி: மிளகாய், மஞ்சள், சுக்கு மூன்றுக்கும் எப்போதுமே. மற்றவற்றுக்கு, பொடிக்க நேரமோ கருவியோ இல்லாதவர்களுக்கு, சின்னப் பாக்கெட்டாக வாங்கும்வரை.

## வழி இரண்டு: முழுசாக வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிப்பது

மணத்தை நம்பிய சாமான்களுக்கு இதற்கு ஈடு கிடையாது. முழு மல்லியும் சீரகமும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வருடம் நன்றாக இருக்கும், அதற்கு மேலும் மெல்ல மெல்லத்தான் குறையும். முழு மிளகு இரண்டு மூன்று வருடம் தாங்கும். கிராம்பில் எண்ணெய் மிக அதிகம், அதுவும் அப்படியே. சாதிக்காயை முழுசாக வைத்துத் தேவைக்குத் துருவினால் வருடக்கணக்கில் மணக்கும். அதையே பொடித்து வைத்தால் ஒரு மாதத்திலேயே வித்தியாசம் தெரியும். ஏலத்தைத் தோலோடு வைப்பதும் விதையை மட்டும் எடுத்து வைப்பதும் கூட ஒன்றல்ல. தோலை உரித்தாலே பாதிக் காவல் போய்விட்டது.

இதிலும் செலவு உண்டு. மிக்ஸியின் சின்ன ஜாரில் கூட ஐம்பது கிராமுக்குக் கீழே போட்டால் விதைகள் பிளேடில் சிக்காமல் சுவரில் ஒட்டித் தெறிக்கும். ஆக, "தேவைக்கு ஒரு ஸ்பூன்" என்பது மிக்ஸியில் நடக்காது. அதற்குச் சின்ன உரல் வேண்டும், அல்லது மிளகுக்குக் கையால் திருகும் மில் வேண்டும். ஜாரைக் கழுவிக் காயவைப்பது, சலிப்பது, முந்தைய சாமானின் வாசனை அடுத்ததில் ஏறுவது, எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கிராம்பு பொடித்த ஜாரில் உடனே சீரகம் பொடித்துப் பார்த்தால் தெரியும்.

பொடிக்கும் முறையிலேயே மணம் போகிற இடங்கள் இருக்கின்றன. ஐம்பது கிராம் மல்லியை எடுத்துக்கொள்வோம். முதலில் அது காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விதையை இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் படக்கென்று உடைய வேண்டும். வளைந்து நசுங்கினால் ஈரம் இருக்கிறது, வெறும் வாணலியில் மிகக் குறைந்த தீயில் கை பொறுக்கும் சூடு வரும்வரை புரட்டி, இறக்கி, முழுக்க ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போதே மிக்ஸியில் போட்டால் எண்ணெய் இன்னும் வேகமாகக் கிளம்பும், பொடியும் ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும்.

மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. பத்துப் பதினைந்து விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஓட்டலாம். மூன்று நான்கு தடவையில் வேலை முடிந்துவிடும். உடனே மூடியைத் திறக்காமல் ஓரிரு நிமிடம் விட்டால் மிதக்கிற தூள் அடங்கும், கொஞ்சம் மணமும் உள்ளேயே தங்கும்.

அப்புறம் பொடியைத் தட்டில் பரப்பி, தொட்டால் சூடே தெரியாத அளவு ஆறிய பிறகுதான் பாட்டிலில் போட வேண்டும். வெதுவெதுப்பான பொடியை அடைத்தால் உள்ளே எழும் ஈர ஆவி மூடியின் அடியில் வேர்த்து, மறுபடி பொடியிலேயே விழும். இரண்டு நாள் கழித்து மேலே ஒரு தட்டு மாதிரி கட்டி நிற்பது இதனால்தான். அதே நேரம் மணிக்கணக்கில் பரப்பியே வைக்கவும் கூடாது. பத்து, பதினைந்து நிமிடம் போதும்.

முழுச் சாமானுக்கு வரும் பெரிய சிக்கல் வண்டு. மல்லி, காய்ந்த மிளகாய், மஞ்சள் கிழங்கு, சுக்கு இவற்றை உளுக்க வைக்கும் சின்னப் பழுப்பு வண்டுகள் முட்டையாகவே வீட்டுக்குள் வந்துவிடும். நிறைய வாங்கி வைப்பவர்கள் வாங்கியதும் அடைத்த பையில் போட்டு ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரி குளிரில், ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சேர்ந்து சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அதன் பிறகு டப்பாவில் கொட்ட வேண்டும்.

எப்போது இது சரியான வழி: மல்லி, சீரகம், மிளகு, ஏலம், கிராம்பு, பட்டை, சாதிக்காய் எல்லாவற்றுக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் ஒதுக்க முடிந்தால்.

## வழி மூன்று: மொத்தமாகப் பொடித்துக் குளிரில் வைப்பது

பெரிய குடும்பத்துக்கும், மாதத்தில் ஒரு நாள்தான் இதற்கு நேரம் கிடைக்கும் என்பவர்களுக்கும் ஏற்றது. அரைத்த தேதி நம் கையில் இருக்கிறது, சாமானின் தரமும் கண்ணால் பார்த்தது. குளிர் எப்படி உதவுகிறது என்றால், பத்து டிகிரி குறையக் குறைய இந்த மாதிரி மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது ஒரு பொதுக் கணக்கு. முப்பது டிகிரி அலமாரியிலிருந்து நான்கு டிகிரி ஃப்ரிட்ஜுக்குப் போனால் பழசாகும் வேகம் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும், ஃப்ரீசரில் இன்னும் குறையும். ஆனால் நின்றுவிடாது. பையில் காற்று இருக்கும்வரை எண்ணெய் காறுவது மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும்.

வறுத்து அரைத்த பொடிக்கு இந்த வழி மிகவும் பொருந்தும். மல்லியிலும் சீரகத்திலும் மணத்துக்கான எண்ணெய் போக, ஆவியாகாத கொழுப்பு எண்ணெயும் நிறைய இருக்கிறது. வறுத்தால் முதல் சில நாள் மணம் தூக்கலாக இருக்கும், ஆனால் வறுக்காத பொடியைவிட அது சீக்கிரம் காறும். அலமாரியில் வைப்பதானால் வறுத்த பொடியை மூன்று நான்கு வாரத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது.

சரி, இதில் மறைந்திருக்கும் செலவு எது? ஈரம். அது ஃப்ரிட்ஜுக்குள் இருந்து வருவதைவிட நாம் எடுத்து எடுத்து வைப்பதால்தான் அதிகம் வருகிறது. குளிர்ந்த டப்பாவைச் சூடான சமையலறையில் திறந்தால் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த பொடியின் மேல் படிந்துவிடும். தினமும் இரண்டு வேளை இப்படி நடந்தால் ஒரு மாதத்தில் பொடி நமத்துக் கட்டி தட்டும். தினமும் திறக்கிற டப்பாவை ஃப்ரிட்ஜில் வைப்பதைவிட அலமாரியில் வைப்பதே மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே இதற்கு ஒரே முறைதான் சரிவரும்: பொடித்து ஆறியதும், ஒரு வாரம் பத்து நாளுக்கு வரும் அளவாகச் சின்னச் சின்னப் பையில் பிரித்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, தேதி எழுதி ஃப்ரீசரில் வைப்பது. வேண்டும்போது ஒரு பையை எடுத்து, பிரிக்காமலே ஒரு மணி நேரம் வெளியே வைத்து, அதன் பிறகு அலமாரி டப்பாவில் கொட்டுவது. எடுத்த பை மறுபடி உள்ளே போகக் கூடாது. மெல்லிய பாலித்தீன் பை என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போட வேண்டும், இல்லையென்றால் மசாலா வாசனை பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றிலும் ஏறும், மற்றதன் வாடையும் இதில் ஏறும்.

எப்போது இது சரியான வழி: மாதம் கால் கிலோவுக்கு மேல் ஒரே பொடி செலவாகும் வீட்டில், ஃப்ரீசரில் இடம் இருந்து, பிரித்து அடைக்கப் பொறுமையும் இருந்தால்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கீழே உள்ள காலங்கள் மணமும் நிறமும் நன்றாக இருக்கும் காலங்கள், காற்றுப் புகாத டப்பாவில் வெளிச்சம் படாமல் வைத்தால். அதைத் தாண்டினால் கெட்டுவிடும் என்று பொருள் இல்லை. வெப்பமும் ஈரமும் அதிகமான இடத்தில் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

| சாமான் | வாங்கிய பொடி, பிரித்த பின் | முழுசாக, அலமாரியில் | வீட்டில் பொடித்தது, ஃப்ரீசரில் | என் தேர்வு |
|---|---|---|---|---|
| மல்லி | 1½–2 மாதம் | 1 வருடம் | 5–6 மாதம் | முழுசு. செலவு அதிகமென்றால் ஃப்ரீசர் |
| சீரகம் | 1½–2 மாதம் | 1 வருடம் | 5–6 மாதம் | முழுசு |
| மிளகு | 2–3 மாதம் | 2–3 வருடம் | தேவையில்லை | முழுசு, கை மில் |
| மிளகாய் | 6 மாதம் | 1 வருடம், வண்டு கவனம் | 1 வருடம் | பொடி |
| மஞ்சள் | 6 மாதம் | 2 வருடத்துக்கு மேல் | தேவையில்லை | பொடி |
| ஏலம், கிராம்பு | சில வாரம் | 1–2 வருடம் | தேவையில்லை | முழுசு மட்டும் |

மூன்று வழிக்கும் பொதுவாக ஒரு விஷயம். அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி கைக்கு வசதி, ஆனால் மசாலாவுக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. சூடும் ஆவியும் ஒன்றாக ஏறும் இடம் அது. டப்பாவை அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்துக்கு நேர் மேலே பிடித்துத் தட்டுவதும் அதே கெடுதலைச் செய்யும், ஆவி நேராக டப்பாவுக்குள் போகும். ஸ்பூனில் எடுத்துப் போட்டு உடனே மூட வேண்டும். கண்ணாடி பாட்டில் நல்லது, மூடிய அலமாரிக்குள் இருந்தால். வெளியே அடுக்கி வைப்பதானால் எவர்சில்வர் டப்பாவே மேல், வெளிச்சம் படாது. பெரிய டப்பாவில் அடியில் கொஞ்சம் பொடி இருந்தால் மீதி இடமெல்லாம் காற்று. அளவு குறைந்ததும் சின்ன டப்பாவுக்கு மாற்றிவிடுவது நல்லது.

## பழசாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. மூடியிருந்த டப்பாவில் பல நாள் சேர்ந்த மணம் ஒரே மூச்சில் வரும், உள்ளே பொடியில் ஒன்றும் இல்லாவிட்டாலும். அதனால் கால் ஸ்பூன் பொடியை உள்ளங்கையில் கொட்டி, டப்பாவை மூடித் தள்ளி வைத்து, ஒரு நிமிடம் கழித்து விரலால் தேய்த்து முகர்ந்து பார்க்க வேண்டும். தேய்த்ததும் மணம் எழுந்தால் உயிர் இருக்கிறது. மண் வாடையோ அட்டை வாடையோ வந்தால் மணம் போய்விட்டது. பழைய எண்ணெய் வாடை வந்தால் காறிவிட்டது, அதற்கு மேல் வைத்துக்கொள்வதில் பொருள் இல்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. நாலைந்து மல்லி விதையை அப்போதே நசுக்கி ஒரு கையில், பழைய பொடியை இன்னொரு கையில். தனியாக முகரும்போது "பரவாயில்லை" என்று தோன்றும் பொடி பக்கத்தில் புதுசு இருந்தால் உடனே தோற்றுவிடும்.

ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு விதமாகக் காட்டிக்கொடுக்கும். மிளகுப்பொடியை நாக்கில் வைத்துப் பார்ப்பது வீண், காரம் கடைசிவரை இருக்கும். மூக்கைத்தான் நம்ப வேண்டும். மிளகாய்ப்பொடிக்கு நேர் எதிர், அதற்குக் கண்ணைத்தான் நம்ப வேண்டும். வெள்ளைக் காகிதத்தில் கொஞ்சம் பரப்பினால் சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருப்பது தெரியும். உறைப்பு அப்போதும் இருக்கும், அதனால் நிறத்துக்காக அளவைக் கூட்டினால் வாய் வெந்துவிடும். கிராம்பின் தண்டை நகத்தால் அழுத்தினால் எண்ணெய்க் கசிவு தெரிய வேண்டும். உலர்ந்த குச்சி மாதிரி இருந்தால் அதில் ஒன்றும் இல்லை. ஏலக்காயை உடைத்துப் பார்த்தால் விதை கருப்பாக, லேசாகப் பிசுபிசுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டி இருக்க வேண்டும். வெளிறி, உதிரியாக, உள்ளே காலியாக இருந்தால் பழசு.

கடுகு மட்டும் தனிக் கதை. முழுக் கடுகுக்குப் புதிதாக இருந்தாலும் வாசனை கிடையாது. அதை நசுக்கி ஈரம் படும்போதுதான் அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து அந்தக் காட்டமான நெடியை உண்டாக்கும். ஆகவே கடுகைச் சோதிக்க, அரை ஸ்பூனை நசுக்கிப் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் விட வேண்டும். வெந்நீர் கூடாது, அது அந்த நொதியையே அழித்துவிடும். மூக்கில் ஏறினால் நல்ல கடுகு. அநேகமாக ஏறும், கடுகு பல வருடம் தாங்கும் சாமான்.

இனி, கெட்டுப்போனதன் அடையாளங்கள். பொடியில் கட்டி இருந்தால் விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். உலர்ந்து உதிர்ந்தால் கொஞ்சம் ஈரம் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சீக்கிரம் தீர்த்துவிடலாம். நசுக்கினால் ஒட்டிக்கொண்டு, புழுங்கிய வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். கட்டிக்குள் நூல் மாதிரி தெரிந்தால் புழு. முழு மல்லியில் குண்டூசித் துளை மாதிரி ஓட்டையும் டப்பா அடியில் மாவு மாதிரி தூளும் இருந்தால் வண்டு. சாம்பல், பச்சை, வெள்ளைப் படலம் எங்கே தெரிந்தாலும், காய்ந்த மிளகாயின் உட்புறம் உட்பட, அது பூஞ்சணம். அதைத் துடைத்துவிட்டோ வெயிலில் காயவைத்தோ வறுத்தோ பயன்படுத்தக் கூடாது. மிளகாய், சாதிக்காய் போன்றவற்றில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை விடுகின்றன. சமையல் சூட்டில் அது அழிவதில்லை.

## ஒரு வீட்டுக் கணக்கு

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டில் மாதம் மல்லிப்பொடி 100 கிராம், மிளகாய்ப்பொடி 80 கிராம், சீரகம் 60 கிராம் (பாதி முழுசாக, பாதி பொடியாக), மஞ்சள் 25 கிராம், மிளகு 20 கிராம், ஏலமும் கிராம்பும் ஒரு கைப்பிடிக்குள் என்று வைத்துக்கொள்வோம். இவர்களுக்கு எந்த வழி?

மல்லி முழுசாக 300 கிராம், மூன்று மாதத்துக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 50 கிராம் பொடித்தால் எந்தப் பொடியும் இரண்டு வாரத்துக்கு மேல் பழசாகாது. சீரகம் 180 கிராம் முழுசாக, மாதத்துக்கு 30 கிராம்தான் பொடி வேண்டும், அது மிக்ஸிக்குக் குறைவு. ஒரு தடவைக்கு 50 கிராமாகப் பொடித்தால் ஏழு வாரம் வரும், இரண்டு மாத எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. மல்லி பொடித்த அதே ஜாரில் அடுத்து சீரகத்தைப் பொடித்துவிட்டால் கழுவும் வேலை ஒன்றுதான், இவை இரண்டும் சேர்ந்தால் வாசனையும் கெடாது. மிளகு 100 கிராம் முழுசாக, ஐந்து மாதம் வரும், மேஜையில் கை மில். மிளகாய்ப்பொடி கால் கிலோ பாக்கெட், மூன்று மாதம் வரும். அதில் 50 கிராம் மட்டும் புழக்கத்துக்கான டப்பாவில், மீதி பாக்கெட்டோடு மடித்து இன்னொரு டப்பாவுக்குள், இருட்டில். மஞ்சள்பொடி 100 கிராம், நான்கு மாதம். ஏலமும் கிராம்பும் 25 கிராம், தோலோடு, முழுசாக. இந்த வீட்டுக்கு ஃப்ரீசரே தேவைப்படவில்லை.

இதையே தனியாக இருக்கும் ஒருவருக்கு மாற்றினால் கணக்கு குலையும். அவருக்கு மல்லிப்பொடி மாதம் 20 கிராம் போதும் என்றால், மிக்ஸியில் பொடிக்கும் 50 கிராம் இரண்டரை மாதம் கிடக்கும். பாதியிலேயே மணம் இறங்கத் தொடங்கும். அவருக்கு இரண்டு ஸ்பூன் பிடிக்கும் உரல் இருந்தால் அதுவே முழுத் தீர்வு. இல்லையென்றால் 50 கிராமைப் பொடித்து, மூன்று சின்னப் பையாகப் பிரித்து, இரண்டை ஃப்ரீசரில் போட்டுவிடலாம்.

மாதம் 400 கிராம் செலவாகும் பெரிய குடும்பம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 200 கிராம் பொடிக்க வேண்டியிருக்கும். சின்ன ஜாரில் அது நாலு ஈடு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆறவிட வேண்டும், ஒரு மணி நேர வேலை. அவர்கள் இரண்டு மாதத்துக்கான 800 கிராமை ஒரே நாளில் அரைத்து, 100 கிராமாக எட்டுப் பையில் அடைத்து, வாரம் ஒரு பை எடுப்பது நல்லது. எட்டாவது பை கூட அலமாரியில் மூன்று வாரம் இருந்த பொடியைவிட மணமாக இருக்கும்.

## கையில் இருக்கும் பழசை என்ன செய்வது

மணம் போன பொடியை இரண்டு மடங்கு போட்டு ஈடுகட்டலாம் என்று தோன்றும். சரிவராது. போனது மணம் மட்டும். நாரும் கசப்பும் அப்படியே இருக்கின்றன, அளவைக் கூட்டினால் அவைதான் கூடும், சாறு கெட்டியாகித் தூள் தூளாக நாக்கில் தட்டும். முழு மல்லியோ சீரகமோ பழசாகி இருந்தால் அதற்கு வழி உண்டு. உள்ளே கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருக்கும், வெறும் வாணலியில் லேசாகச் சூடுபடுத்தி அன்றைக்கே பொடித்து அன்றைக்கே பயன்படுத்தினால் ஓரளவு மணக்கும். பொடிக்கு இந்த வித்தை பலிக்காது, இருக்கும் கொஞ்சமும் வாணலியிலேயே போய்விடும்.

புதிய பொடியைப் பழைய பொடியின் மேல் கொட்டுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பழசின் காறல் புதிதில் ஏறும், அடியில் கிடப்பது எந்த மாதத்துப் பொடி என்றும் தெரியாமல் போகும். ஒரு டப்பா தீர்ந்ததும் கழுவி, துணியால் துடைத்து, மூடியின் திருகு வரையில் ஈரம் இல்லாமல் ஒரு நாள் முழுக்கத் திறந்தே காயவிட்டு, அதன் பிறகு புதிதை நிரப்பி, அடியில் பொடித்த தேதியை ஒட்டிவிட்டால் சரி.